தொலைதூரப் பகுதிக் கூடுதல் கட்டணம், டெலிவரி நாட்கள் குறித்து

வணக்கம் மேடம்,

நீங்கள் அனுப்பிய 12 முகவரிகளைப் பார்த்தேன். ஒன்பதுக்கு வழக்கமான கட்டணம்தான், 2 வேலை நாளில் பார்சல் போய்ச் சேரும். மீதி மூன்றும் எங்கள் தொலைதூரப் பகுதிப் பட்டியலில் வருகின்றன. அங்கே எங்கள் வண்டி தினமும் போவதில்லை, வாரத்தில் இரண்டு நடைதான். ஒரு நடை தவறினால் பார்சல் கிடங்கிலேயே காத்திருக்கும். அதனால் 5 முதல் 7 வேலை நாள் என்று உங்கள் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூடுதல் கட்டணம் பில்லில் தனி வரியாக வரும். அது பின்கோடை வைத்து முடிவாகிறது, ஊர் பெயரை வைத்து அல்ல. பெட்டிக்குப் பெட்டி இல்லை, ஒரு கன்சைன்மென்டுக்கு ஒரு முறைதான். எனவே ஒரே முகவரிக்கான மோட்டார் பாகங்களை ஒரே புக்கிங்கில் சேர்த்து அனுப்புங்கள், செலவு நன்றாகக் குறையும். பார்சல் திரும்பி வந்தாலும் இந்தக் கட்டணம் உண்டு. பெறுபவரின் கைப்பேசி எண்ணைச் சரிபார்த்துக் கொடுப்பது இதில் ரொம்ப முக்கியம்.

அவசரமான சரக்கு என்றால் புக் செய்வதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். அடுத்த நடை என்றைக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.

நன்றி,
வாடிக்கையாளர் கணக்குப் பிரிவு