வீட்டின் மேலுள்ள அடமானம் தீர்ந்ததற்கான ஆவணங்கள் வேண்டி

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்

அனுப்புநர்:
கி. முருகேசன்,
கருமண்டபம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
ஆ. இராமலிங்கம் அவர்கள்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருவானைக்காவல், திருச்சிராப்பள்ளி.

நாள்: 17.2.2025

பொருள்: 14.11.2024 அன்று நாம் பதிவு செய்த கிரய ஒப்பந்தத்தில் அடங்கிய, திருவானைக்காவல் 1,650 சதுர அடி மனையும் அதிலுள்ள வீடும் – அடமானம் தீர்ந்ததற்கான சான்றுகள் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்களே தொலைபேசியில் அழைத்து, வீட்டுப் பத்திரத்தை 2019-இல் வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்ததாகவும், டிசம்பர் 20-ஆம் தேதியோடு முழுத் தொகையையும் கட்டி முடித்துவிட்டதாகவும், காகிதங்கள் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை என்றும் சொன்னீர்கள். நீங்களாகச் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், சொத்தின் பேரில் அடமானம், முன்கிரயம், ஜப்தி, கோர்ட் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அன்றே 6 லட்ச ரூபாய் முன்பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பினேன். மூலப் பத்திரம் கேட்டபோது, கோயம்புத்தூரில் தம்பி வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்றீர்கள். ஜனவரியில் மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். தரகர் கொடுத்த வில்லங்கச் சான்றை இப்போது எடுத்துப் பார்த்தால், அது 31.12.2018 வரைக்கும்தான் போடப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். 10-ஆம் தேதி காலை பதிவுத்துறை இணையதளத்தில் அன்றைய தேதி வரைக்கும் போட்டுப் பார்த்தேன். 2019-இல் பதிவான உரிமை ஆவண ஒப்படைப்பு அதில் இருக்கிறது. அதைத் தீர்த்ததாக எந்த ரசீதும் அதற்குக் கீழே பதிவாகவில்லை.

நீங்கள் சொல்லும் தேதிப்படி பார்த்தால், நாம் ஒப்பந்தம் போட்ட அன்று அந்தக் கடன் உயிரோடுதான் இருந்திருக்கிறது. நான் கொடுத்த முன்பணத்தைக் கொண்டே அதை அடைத்திருந்தாலும் எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீடு விற்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அன்றே சொல்லியிருந்தால், முன்பணத்தை வங்கிக்கே நேராகக் கட்டி, ரசீதும் பத்திரமும் கையோடு வாங்கியிருப்போம். என்னை வருத்துவது கடன் அல்ல, மூன்று மாதம் அதைச் சொல்லாமல் விட்டதுதான்.

ஐயா, உங்கள் வார்த்தையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எனக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர், மூலப் பத்திரத்தையும் அடமானம் தீர்ந்த பதிவையும் கண்ணால் பார்க்காமல் சட்டக் கருத்து எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் கையெழுத்துப் போடாமல் மீதி 56 லட்சத்தை என்னால் திரட்ட முடியாது. ஆகவே வரும் மார்ச் 3-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் பின்வருவனவற்றைத் தர வேண்டுகிறேன்.

முதலில், கடன் கணக்கு முடிக்கப்பட்டதற்கு உங்கள் வங்கி தன் முகப்புத் தாளில் எழுதிக் கொடுக்கும் கடிதம். கணக்கு எண்ணும் முடித்த தேதியும் பாக்கி ஏதுமில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். கூடவே, இதே பத்திரங்களின் பேரில் வேறு கடனோ, நீங்கள் பிறருக்குக் கொடுத்த ஜாமீனோ நிலுவையில் இல்லை என்றும் எழுதி வாங்குங்கள். ஒரு கடன் முடிந்தும், இன்னொன்றுக்காகப் பத்திரத்தை வங்கி பிடித்து வைப்பது உண்டு என்பதால்தான் இதைத் தனியாகக் கேட்கிறேன். கடைசி ஆறு மாதக் கடன் கணக்கு அறிக்கையும் வேண்டும். பாக்கி பூஜ்யம் என்று முடியும் அந்த வரியைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி.

இரண்டாவதுதான் மிக முக்கியம். 2019-இல் பதிவான ஒப்படைப்பு ஆவணத்தைத் தீர்க்கும் ரசீதை, வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து தர வேண்டும். வங்கி கொடுக்கும் தடையில்லாக் கடிதம் மட்டும் இருந்தால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். நாளை நானோ என் பிள்ளைகளோ இந்த வீட்டை விற்கப் போனால் அப்போதும் இதே கேள்வி வரும். ரசீது பதிவானபின், அன்றைய தேதி வரைக்குமான வில்லங்கச் சான்றை நானே எடுத்துக்கொள்கிறேன். ரசீதுக்கான பதிவுச் செலவு உங்களுடையது. அதோடு, வங்கி அடமானங்களைக் குறித்து வைக்கும் மத்தியப் பதிவேடான செர்சாயில் இந்த அடமானம் ஏறியிருந்தால், அங்கும் தீர்ந்ததாகக் குறிக்கும்படி வங்கியிடம் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, மூலப் பத்திரமும் தாய்ப் பத்திரமும். 2019-இல் வங்கியில் ஒப்படைத்தபோது அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒரு தாள் குறையாமல் வந்ததா என்று இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி: கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பிணையையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். டிசம்பர் 20-இல் முடித்திருந்தால் ஜனவரி 19-உடன் கெடு தாண்டிவிட்டது. கிளை மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே உங்களோடு வருகிறேன்.

ஒருவேளை ஏதாவது ஒரு தொகை இன்னும் பாக்கி இருந்தால், தயங்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். வங்கி பாக்கியை எழுதிக் கொடுக்கட்டும். கிரயத் தொகையிலிருந்து அதை வங்கியின் பெயருக்கே வரைவோலையாகச் செலுத்தி, எஞ்சியதை உங்களுக்குத் தருகிறேன். மறுபடியும் தாமதமாகத் தெரியவந்தால் மட்டும் என்னால் தாங்க முடியாது.

ஒப்பந்தக் கெடு மார்ச் 13-இல் முடிகிறது. இந்தத் தாமதம் என்னால் வந்ததல்ல என்பதால், ரசீது பதிவாகிப் பத்திரங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 45 நாள் கெடுவை நீட்டித்து, அந்த நீட்டிப்பை மார்ச் 13-க்கு முன்பே பதிவு செய்து தர வேண்டும். கிரயத்தை முடிக்க நான் அன்றும் தயாராக இருந்தேன், இன்றும் தயாராகவே இருக்கிறேன். விற்பவர் தனக்குத் தெரிந்த குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும், விற்கும் நாளில் உள்ள வில்லங்கங்களைத் தானே தீர்த்துத் தர வேண்டும் என்றும் 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. மார்ச் 3-க்குள் ஆவணமோ எழுத்தில் பதிலோ வராவிட்டால், முன்பணத்தைத் திரும்பக் கேட்பது உட்பட எனக்குள்ள உரிமைகளை வழக்கறிஞர் மூலம் நாட வேண்டிவரும். அந்த வரியை எழுத எனக்கு மனமே இல்லை.

அம்மா உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து, இங்கேயே இருந்துவிடலாம் என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வீட்டைத்தான் வாங்க விரும்புகிறோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கி. முருகேசன்

இணைப்பு: 10.2.2025 அன்று எடுத்த வில்லங்கச் சான்றின் நகல். கிரய ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்க நகல்.