வீட்டு அட்வான்ஸ் பாக்கித் தொகை ரூ. 1,30,000: இறுதிக் கோரிக்கை

நாள்: 26 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் மூன்று ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்து, ஒப்பந்தப்படி இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, 31 மார்ச் 2025 அன்று காலி செய்தேன். அன்று மாலையே தாங்களும் நானும் எல்லா அறைகளையும் சேர்ந்து பார்த்து, மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, மூன்று சாவிகளையும் தங்கள் கையில் ஒப்படைத்தேன். வாடகையோ மின் கட்டணமோ நான் தர வேண்டியது எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் அன்றே ஏற்றுக்கொண்டீர்கள். கடைசி மின் கட்டண ரசீதின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

சாவியைத் திருப்பித் தரும் நாளில் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பதே நாம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். புதிதாகக் குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருவதாகத் தாங்கள் கேட்டுக்கொண்டதால் பொறுத்திருந்தேன். அவர் ஏப்ரலிலேயே குடிவந்துவிட்டார். நான் கொடுத்திருந்த ரூ. 1,50,000-இல் ரூ. 20,000 மட்டும் மே 5 அன்று என் வங்கிக் கணக்கில் வந்தது. மீதியைக் கேட்டு அதன்பின் நான்கு முறை எழுதியும், "அடுத்த வாரம்" என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இப்போதிருக்கும் வீட்டுக்கான அட்வான்ஸைக் கடன் வாங்கிக் கட்டிய நான், தங்களிடம் என் பணம் இருக்கும்போதே அந்தக் கடனுக்கு மாதந்தோறும் வட்டி செலுத்தி வருகிறேன் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளையடித்த செலவைக் கழிக்கப் போவதாகக் கடந்த வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை; வீட்டைச் சேர்ந்து பார்த்த அன்றும் தாங்கள் அதைச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் புழங்கியதால் சுவர் மங்குவது சேதமாகாது. ஆகவே அந்தக் கழிவை நான் ஏற்கவில்லை. நான் உண்டாக்கிய சேதம் என்று வேறு ஏதேனும் தாங்கள் கருதினால், அதற்கான ரசீதுடன் ஜூலை 3-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். நியாயமானதாக இருந்தால் மறுக்க மாட்டேன்.

பாக்கியுள்ள ரூ. 1,30,000-ஐ 10 ஜூலை 2025, வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள், முன்பு ரூ. 20,000 அனுப்பிய அதே வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவணையாகவோ பின்தேதியிட்ட காசோலையாகவோ பெற்றுக்கொள்ள இயலாது. தொகை முழுவதும் வந்த அன்றே பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

அந்த நேரத்துக்குள் தொகை வராவிட்டால், மறுநாளே வழக்கறிஞர் மூலம் தங்களுக்கு முறையான அறிவிப்பு அனுப்பப்படும். அதில் பாக்கித் தொகையுடன், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கிட்ட வட்டியும் சட்டச் செலவும் சேர்த்துக் கோரப்படும். ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றப் பதிவுகள், நமக்குள் நடந்த குறுஞ்செய்திகள் அனைத்தும் என்னிடம் உள்ளன. மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் மனக்கசப்பின்றி இருந்தோம் என்பதாலேயே, அந்த நிலைக்குப் போகும் முன் நேரடியாக எழுதுகிறேன். இதற்குப் பின் என்னிடமிருந்து வேறு நினைவூட்டல் வராது.

இப்படிக்கு,
முதல் மாடியின் முன்னாள் வாடகைதாரர்

இணைப்பு: வாடகை ஒப்பந்த நகல், அட்வான்ஸ் செலுத்திய வங்கிப் பதிவு, கடைசி மின் கட்டண ரசீது