ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கான விதிகள்
(கங்கைகொண்டான் நூற்பாலை, ஸ்பின்னிங் பிரிவு)

ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் என்று ஷிப்ட் மாற்றக் கேட்பது வழக்கம்தான். தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இருவர் தங்களுக்குள் பேசி முடித்தால் மட்டும் போதாது. ஒரு நாள் முன்னதாக இருவரும் ஷிப்ட் பதிவேட்டில் கையெழுத்திட்டு, சூப்பர்வைசரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரிண்ணே" என்று வந்த பதில் அனுமதி ஆகாது. ஒரே வேலை தெரிந்தவர்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஓய்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரவு 10 மணிக்கு முடித்தவர் காலை 6 மணிக்கு வரக் கூடாது. காலை 6 மணிக்கு முடித்தவர் அன்று மதியம் 2 மணிக்கும் வரக் கூடாது. கணக்குக்கு அது 8 மணி நேரம். அம்பாசமுத்திரத்திலிருந்து வருபவருக்குப் போக வர பஸ்ஸிலேயே பாதி போய்விடும், அப்புறம் தூக்கம் எங்கே? தூக்கக் கலக்கத்தில் ஓடும் இயந்திரத்தில் கை வைத்தால் விரல் போகும். அதனால் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் அனுமதி கிடையாது.

தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்ப்பதும், வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டுவதும், வார விடுமுறையை இழப்பதும் எந்த மாற்றத்திலும் கூடாது.

அனுமதி வாங்கியபின் ஷிப்டை ஏற்றுக்கொண்டவரே அதற்குப் பொறுப்பு. வீட்டில் திடீர் மருத்துவ அவசரம் என்றால் சூப்பர்வைசருக்குப் போன் செய்தால் போதும். மாற்று ஆளை அவரே பார்த்துக்கொள்வார். அனுமதி மறுத்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியது அவர் கடமை.