தமிழில் எழுதிய புகார் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது (தொடர் பதிவு, ஒரே பதிவாக)

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர் தாலுகா பற்றி நேற்று இரவு தொடராகப் போட்டதில் நடுத்துண்டு ஒன்று மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். அதை மட்டும் படித்தவர்கள் நான் மலையாளத்தின் மேல் சண்டைக்குப் போவதாக நினைத்துவிட்டார்கள். சரி, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கிவிட்டேன். பகிர்வதானால் இதைப் பகிருங்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான்: கேரளத்தில் வாழும் தமிழர் தன் குறையைத் தமிழில் எழுதிக் கொடுத்தால், ‘மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று எந்த அரசு அலுவலகமும் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆதாரம், இந்திய அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. குறையைத் தீர்க்கச் சொல்லி, மத்திய அரசு, மாநில அரசு அதிகாரி யாரிடமும், ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. ஆட்சிமொழியில்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ‘இங்கே ஆபீஸ் பாஷை மலையாளம்’ என்று கவுண்டரில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மனுவை மறுக்க அது காரணமாகாது. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் தமிழ் வழங்கவில்லை என்று வாதாட வருகிறவரை வேலந்தாவளம் சந்தையில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள், போதும்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்தாதீர்கள். இந்தப் பிரிவு குறை சொல்லும் மனுவைப் பற்றியது. பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. போக்குவரவு என்பது இங்கே நிலப் பதிவில் பெயர் மாற்றுவது. ‘போக்குவரவு முடித்துத் தராமல் இழுத்தடிக்கிறார்கள்’ என்று புகார் எழுதினால் 350 துணைக்கு வரும். போக்குவரவுக்கான விண்ணப்பப் படிவத்தையே தமிழில் கேட்பது வேறு விவகாரம், அதற்கு இதைக் காட்டினால் கவுண்டரிலேயே தோற்றுப்போவோம்.

1956இல் எல்லை பிரித்த கதை, பள்ளிக்கூடப் பாடமொழி, பஸ் போர்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மாமாவுக்குக் கிராம அலுவலகத்தில் நடந்ததையும்தான். அதிக லைக் வாங்கியது அதுதான், விட மனமில்லை. ஆனால் ‘அந்த ஆபீசர் ஒருவர் அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க அது வழி கொடுக்கிறது. பிரிவு எண்ணைச் சொன்னால் அந்த வழி அடைபடும்.

மனுவின் தலைப்பில் ‘அரசியலமைப்புப் பிரிவு 350இன்படி தமிழில் அளிக்கும் மனு’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும், ரசீது கேட்டு வாங்குங்கள். மலையாளம் எழுத வருகிறவர்கள் மலையாளத்திலேயே கொடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். இந்தப் பதிவு, மலையாளம் எழுத வராமல் டி.டி.பி. கடையில் காசு கொடுத்து எழுதிக்கொண்டிருக்கும் நம் பெரியவர்களுக்காக.