கலை, நாளை காலைக்கு முன் இதைப் படி

கலை,

இப்போது மணி எட்டு ஆகப்போகிறது. நீ வேளச்சேரியில் அத்தை வீட்டில் கோப்பை மறுபடியும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். ஃபோன் பண்ணினால் பேசிப் பேசி பத்து மணி ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

முதலில் முகிலைப் பற்றி. சாப்பிட்டுவிட்டான். ரெண்டு தோசை, அப்புறம் பாதி. வீட்டுப்பாடம் முடிந்தது. நாளைக்கு நானே ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன், அம்மாவை அலைய விடமாட்டேன். அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடு.

சரி, நாளைய நேர்முகத் தேர்வுக்கு வருவோம்.

குரூப் ஒன்றுக்கு மொத்தம் 850 மதிப்பெண். அதில் 750 மெயின்ஸ் எழுத்துத் தேர்வுக்கு. அதை நீ பகலில் விஏஓ ஆபீஸ், ராத்திரி படிப்பு என்று இருந்து எழுதி முடித்துவிட்டாய். நாளைக்கு இருப்பது மீதி நூறு. அந்த நூறும் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளை நீ அந்த அறைக்குள் வெறுங்கையோடு போகவில்லை. எழுதிய தாள்களும் உன்னோடுதான் வருகின்றன. உன் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பெண் யார் என்று பார்க்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியும். அதைத்தான் உனக்கு ஞாபகப்படுத்த நினைக்கிறேன்.

போன மாதம் உன் ஆபீஸுக்கு வந்திருந்தேனே, அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பாட்டி வந்தார். வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, மூத்த மகன் வெளிநாட்டில். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து உன் மேஜையில் வைத்தார். பழைய கிஸ்து ரசீது, இறப்புச் சான்று, ஒரு கிழிந்த பத்திரம். நீ அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்து, தேவையானதை ஒரு பக்கம், தேவையில்லாததை ஒரு பக்கம் வைத்தாய். முதலில் வாரிசுச் சான்று, அதற்கு அப்புறம் பட்டா மாறுதல் என்று விரல்விட்டுச் சொன்னாய். அந்தப் பத்திரத்தில் ஏதோ ஒரு சர்வே எண் இடித்தது. அவர் அதைப் பற்றிக் கேட்டபோது, "இது எனக்கு இப்ப தெரியல பாட்டி, தாலுகா ஆபீஸ்ல பார்த்துட்டு வியாழக்கிழமை சொல்றேன்" என்றாய். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவரும் நிம்மதியாக எழுந்து போனார். தெரியாது என்று சொன்னதால் உன் மேல் அவருக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடித்தான் போனது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

நாளைக்கும் அப்படியே சொல்லு. ஏதாவது ஒரு சட்டப் பிரிவு, ஏதாவது ஒரு திட்டத்தின் வருஷம் கேட்டு, அது ஞாபகம் வரவில்லை என்றால், "தெரியவில்லை சார்" என்று அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து உட்கார். அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு மீதி நேரம் முழுக்க நடக்காதே.

மாவட்டத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நாகப்பட்டினத்தைப் பற்றி உன்னைக் கேட்பது அவர்களுக்குத்தான் லாபம். தாவரவியல் படித்தவள் என்பதால் கோடியக்கரைக்கு வருவார்கள் என்று நினைக்கிறேன். 1967இல் சரணாலயம், 2002இல் ராம்சார் தலம், வெளிமான், பூநாரை, அந்த உலர் பசுமைமாறாக் காடு, எல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்ததைக் கேட்டாலும் உனக்கு அது புத்தகத்துச் செய்தி இல்லை, தினமும் பைக்கில் அந்த உப்பளத்தைத் தாண்டித்தான் போகிறாய்.

பேரிடர் மேலாண்மை என்று ஆரம்பித்தால் தயங்கவே தயங்காதே. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த வாரங்களில் நீ தோப்புத் தோப்பாக நடந்து விழுந்த தென்னைகளை எண்ணினாய். மழையில் நனையாமல் இருக்க நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்திருந்தாய். ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றபோது, ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று அந்தச் சனங்கள் உன்னிடம்தான் கேட்டார்கள். அவர்கள் கோபத்தை நின்று கேட்டுவிட்டு, கணக்கில் ஒரு மரம் விடாமல் எழுதினாய். இதை எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். அங்கே நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், அலங்காரம் எதுவும் வேண்டாம்.

தமிழில் பதில் சொல்வதா ஆங்கிலத்திலா என்று நீ போன வாரம் வரைக்கும் குழம்பிக்கொண்டிருந்தாய். என்னைக் கேட்டால் தமிழில்தான் பேசு. அடங்கல், சிட்டா, கடைமடை, ஜமாபந்தி என்று உன் வாயில் தானாக வரும் சொற்களுக்கு ஒரு கெத்து இருக்கிறது. அந்த வேலை செய்தவளுக்குத்தான் அது வரும்.

இன்னும் ரெண்டே விஷயம். அழைப்புக் கடிதம், அசல் சான்றிதழ்கள், துறையில் வாங்கிய தடையின்மைச் சான்று, ஆதார். இன்றைக்கு ஒருமுறை பார்த்துப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிடு. அதற்கப்புறம் திறக்காதே. காலையில் வேளச்சேரியிலேயே பறக்கும் ரயில் ஏறினால் நேராகக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம், தேர்வாணையம் பக்கம்தான். ஒரு ரயில் முன்னாலேயே கிளம்பு. அந்த நீலக் கைத்தறிப் புடவைதானே கட்டுகிறாய்? அதில்தான் நீ நீயாக இருப்பாய், கடைசி நேரத்தில் மாற்றாதே. காலையில் இட்லியாவது சாப்பிடு. அத்தை வற்புறுத்தினால் மறுக்காதே.

இன்றைக்கு ராத்திரி இனிமேல் படிக்க ஒன்றும் இல்லை, கலை. நடப்பு நிகழ்வுகள் எல்லாம் காலையில் ரயிலில் பேப்பர் புரட்டினால் போதும். பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்துவிடு. தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு கிட.

உனக்குத் துணை ஆட்சியர் கிடைக்க வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன். ஒளித்து வைக்கமாட்டேன். ஆனால் அது உனக்கு நாற்காலி கிடைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. மஞ்சள் பையோடு வரும் ஆட்களை நின்று பார்க்கிற ஒருத்தி அந்த இடத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான். முடிவு எப்படி வந்தாலும் உன்னைப் பற்றி நான் நினைப்பதில் ஒரு புள்ளிகூட மாறாது, அதையும் தெரிந்துகொள்.

முடிந்து வெளியே வந்ததும் முதலில் அம்மாவுக்குக் கூப்பிடு. அப்புறம் எனக்கு. என்ன கேட்டார்கள் என்று உடனே துருவமாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மூணு மணி வரை வகுப்பு இருக்கிறது, ஆனால் ஃபோனை மேஜை மேலேயே வைத்திருப்பேன்.

முகில் ஏதோ சொல்லச் சொல்கிறான். "அம்மா நல்லா பேசணும், வரும்போது பம்பரம் வாங்கிட்டு வரணும்."

போயிட்டு வாடி. மனசார வாழ்த்துகள்.

சுமதி