மொரீஷியஸ் ரோஸ்ஹில் தமிழ் மிஸ்ஸின் பிரிவுரை

எல்லோருக்கும் வணக்கம். ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியதைக் காலையில் கிரியோலில் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது பேசுவது இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும், பழைய மாணவர்களுக்கும், பெற்றோருக்கும். புரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவருக்கும் புரியவில்லையென்றால் இருவரும் சேர்ந்து கை தட்டிவிடுங்கள், எனக்குப் போதும்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்து 1983இல் வேலைக்கு வந்தபோது எனக்கு வகுப்பறை என்று ஒன்று கிடையாது. மணி அடித்ததும் பிள்ளைகள் கலைவார்கள். இந்தி ஒரு அறைக்கு, உருது ஒரு அறைக்கு, தெலுங்கும் மராத்தியும் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, தமிழ் பெரும்பாலும் நூலகத்தின் ஓரத்தில் அல்லது மாமரத்தடியில். ஒரே வகுப்புப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் பிரிந்து போய்விட்டு வந்து மறுபடி ஒன்றாக உட்கார்ந்து, நீங்கள் என்ன படித்தீர்கள், நாங்கள் என்ன பாடினோம் என்று கிரியோலில் பேசிக்கொள்வார்கள். எங்கள் நாட்டைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், கடற்கரையைப் பற்றி அல்ல.

1994இல் ஹொலாண்டா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு அலமாரியைத் திறந்தால் உயிரெழுத்து அட்டைகள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. அப்புறம் நானே பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் எழுதினேன். 'ஔ'வுக்கு ஔவையார் வரைந்தேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு, மிஸ், இது எங்கள் ஹெட்மாஸ்டரின் அம்மாவா என்றார்கள். அந்த அட்டை இன்னும் இருக்கிறது.

பாடப் புத்தகம் இல்லாத நாட்களில் எனக்குக் கைகொடுத்தது நம் ஊர் ரூபாய் நோட்டு. இருபத்தைந்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டி, இதில் தமிழ் எங்கே இருக்கிறது, முதலில் கண்டுபிடித்து வாசிக்கிறவருக்கு ஒரு மிட்டாய் என்பேன். அதுவரை அந்தத் தாளைக் கடையில் கொடுத்துச் சில்லறை வாங்கின பிள்ளை அன்றைக்குத்தான் அதை வாசிக்கும். 1998இல் புது நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் போட்டு, ஊரே கொந்தளித்து, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கும். அந்த மாதம் பெற்றோர் பலர் பள்ளிக்கு வந்து தமிழுக்காகக் குரல் உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் அதில் பாதிப்பேர் வீட்டில் பிள்ளையின் தமிழ்க் கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்கு நான் ஓய்வு பெறுகிறேன், அதனால் சொல்லலாம்.

மாற்றம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சி.பி.இ. பரீட்சை போய் 2017இல் பி.எஸ்.ஏ.சி. வந்தது, ஸ்டாண்டர்ட் என்றது கிரேட் ஆனது, சாக்பீஸ் போய் டேப்லெட் வந்தது. இதெல்லாம் பெயர்கள். 2012இல் கிரியோல் விருப்பப் பாடமாக நம் மொழி வகுப்புகள் நடக்கும் அதே நேரத்துக்குள் வந்து நின்றதுதான் உண்மையான மாற்றம். நம்மவர்கள் சிலர் கோபப்பட்டார்கள், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை அழுவதும் சிரிப்பதும் அந்த மொழியில், அதைப் பள்ளியில் எழுதிப் படிக்கட்டுமே. தமிழ் வேண்டும் என்று வருகிற பிள்ளை வரட்டும், எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொருவரையும் கூடுதலாகப் பேச வைக்கலாம் என்று நினைத்தேன், அப்படித்தான் செய்தேன்.

2020இல் பள்ளியை மூடினார்களே, அப்போது வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் வாசித்து அனுப்பிய குரல் பதிவுகளை நான் அழிக்கவில்லை. ஒரு பெண் ஆத்திசூடி சொல்கிறாள், "அறம் செய விரும்பு" என்று ஆரம்பித்து "ஆறுவது சினம்" வரும்போது பின்னால் அவள் பாட்டி தம்பியைக் கிரியோலில் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அதை இங்கே சொல்ல முடியாது.

பழைய மாணவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவரே பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் நன்றாக வாசிப்பார், தடங்கலே இல்லை. சந்தேகப்பட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாளே மெலிந்துபோயிருந்தது. அழிக்கச் சொன்னேன். அழித்தார். அடுத்த வாரம் புள்ளிக்குறி மாதிரிப் பொடி எழுத்தில் மறுபடி எழுதியிருந்தார். இந்த விளையாட்டு ஒரு வருடம் நடந்தது. இப்போது தைப்பூசக் காவடி நாளில் கோயில் மைக்கில் தேவாரம் பாடுபவர் இவர்தான். இந்த வருடம் நான் விரதம் முடித்து, ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்னால் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கையில் சீட்டு. முழுக்கப் பிரெஞ்சு எழுத்து. ஆனால் ழகரம் அப்படி விழுகிறது, சென்னையிலிருந்து வருகிற சொற்பொழிவாளர்கள் சிலருக்கே அப்படி விழாது. இதை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்று எழுதுவதா என்று அன்று முழுக்க யோசித்தேன். முன்பு பரீட்சைத் தாளில் பார்த்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன். இப்போது விட்டுவிட்டேன். அவர் மகள் சீட்டு இல்லாமல் பாடுகிறாள், அது வேறு கதை.

விடைபெறுகிற மேடையில் யாராவது வந்து "தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது" என்று கண்ணீர் விடுவது வழக்கம். தயவுசெய்து இன்று வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் நம் துக்கத்தை ஏற்றிவிட்டு, அது ஏன் தமிழ் வகுப்புக்கு ஓடி வருவதில்லை என்று கேட்கக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் எடுத்துக்கொண்டதை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள், கண் சிகிச்சைக்குப் போனபோது "மிஸ், பயப்படாதீங்க" என்றாள். அந்த இரண்டு சொல்லைத் தவிர அவளுக்குத் தமிழ் மறந்துபோயிருக்கலாம். எனக்கு அந்த நேரத்துக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. மழையில் என் வகுப்பைத் தன் அறைக்குள் சேர்த்துக்கொண்ட உருது ஆசிரியர், மைதானம் பெருக்கும்போது என் பிள்ளைகள் வாசித்த பாட்டை மனப்பாடமாக்கி எனக்கே திருத்தம் சொன்ன ஊழியர் அண்ணன், எல்லாக் கொப்பிகளையும் சுமந்து பஸ்ஸில் வந்த என் வீட்டுக்காரர். பெயர் விட்டுப்போனவர்கள் நேரில் வந்து சண்டை போடலாம், திங்கட்கிழமையிலிருந்து எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

என் இடத்துக்கு வரும் தம்பிக்கு இரண்டு வார்த்தை. அலமாரிச் சாவி இது. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மேலே தூக்கிக்கொண்டு திருப்ப வேண்டும். உள்ளே இருக்கிற காலண்டர் அட்டைகளை வைத்துக்கொள்வதோ தூக்கிப் போடுவதோ உன் இஷ்டம், என்னிடம் கேட்காதே, கேட்டால் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். மூன்றாம் கிரேடில் ஜன்னலோரம் உட்காரும் பெண்ணுக்கு வாய் திறக்க நேரம் ஆகும், அவசரப்படுத்தாதே, ஆனால் ரூபாய் நோட்டைக் காட்டினால் முதலில் கை தூக்குவது அவள்தான். மிட்டாய் செலவு உன் கணக்கில்.

சரி, கேண்டீன் அக்கா சுட்ட காத்தோ பிமா அந்த மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் முதலில்.