பொருள்: KMB-SPR-16 பட்டியல் நீக்கத்துக்கு மேல்முறையீடு

விற்பனையாளர் உதவிக் குழுவினருக்கு,

வணக்கம். வர்த்தக முத்திரை மீறல் என்று கூறி, எங்களின் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் பட்டியலை நீக்கியுள்ளீர்கள். அது அந்த முத்திரைக்கு உரிய நிறுவனமே தயாரித்த அசல் சரக்கு. திரும்பச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நிறுவனத்தின் தஞ்சாவூர் விநியோகஸ்தரிடம் 24 ஸ்பிரேயர் வாங்கிய ஜிஎஸ்டி பில்லை இணைத்திருக்கிறோம். வாங்கும் விலையை மட்டும் மறைத்துள்ளோம். பில் எண், தேதி, இரு தரப்பு ஜிஎஸ்டி எண், மாடல், அளவு எல்லாம் தெரியும். டேங்கின் அடியில் பொறித்த வரிசை எண்ணும் பெட்டி ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றே என்பது படங்களில் தெளிவாகத் தெரிகிறது. படத்துக்காகத் திறந்ததைத் தவிர மற்ற பெட்டிகளின் சீல் பிரிக்கவில்லை, வாரண்டி அட்டை உள்ளேயே இருக்கிறது.

1999 வர்த்தக முத்திரைச் சட்டம், பிரிவு 30(3)-இன்படி, உரிமையாளரே சந்தைக்கு விட்ட சரக்கை முறையாக வாங்கி மறுவிற்பனை செய்வது மீறல் ஆகாது. சரக்கின் நிலையை மாற்றியிருந்தால் 30(4) குறுக்கே வரும்; நாங்கள் எதையும் மாற்றவில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட டீலர்' என்றும் எங்கும் போடவில்லை. டீலர் பட்டியலில் பெயர் இல்லை என்பது வேறு, போலி என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமில்லை.

போலி என்பதே புகாரானால், புகார்தாரர் சோதனைக்கு வாங்கிய ஆர்டர் எண்ணைத் தாருங்கள். அந்த ஸ்பிரேயரின் வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுக் காட்டுகிறோம். புகார்தாரரின் மின்னஞ்சலும் தேவை, வாபஸ் கேட்டு நேரடியாக எழுதுவோம்.

சம்பா நடவு முடிந்து மருந்தடிக்கும் நேரம் இது. விரைந்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
விற்பனையாளர், வேளாண் கருவிக் கடை,
கும்பகோணம்

இணைப்பு: பில், 6 படங்கள்